விற்பனை இலக்கைத் தாண்டியும் நஷ்டம்: கலவை மாறியபோது லாப நட்டமற்ற புள்ளிக்கு என்ன ஆனது

பின்னணி

அலுவலகங்களுக்கு நாற்காலி, மேசை, இரும்பு அலமாரி என்று மூன்று பொருள்களைச் செய்து விற்கும் ஒரு நடுத்தரப் பட்டறையில் நடந்தது இது. ஆர்டர் வந்த பிறகுதான் செய்வார்கள், அதனால் மாதக் கடைசியில் விற்காத சரக்கு என்று பெரிதாக எதுவும் நிற்காது. உரிமையாளர், கணக்கு மேலாளர், நான்கைந்து விற்பனையாளர்கள் ஆகியோர்தான் இந்தக் கதையில் வருபவர்கள். செலவுக் கணக்கு ஆலோசகராக நான் அழைக்கப்பட்டேன். பட்டறையின் அடையாளம் தெரியாமலிருக்க எண்களை ஒரே விகிதத்தில் மாற்றி முழு எண்களாக்கியிருக்கிறேன். எந்த நாணயம் என்பதும் முக்கியமில்லை, கணக்கு ஒன்றுதான்.

ஒவ்வொரு பொருளின் விலை, மாறும் செலவு, பங்களிப்பு (விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது) ஆகியவை இவை:

| பொருள் | விலை | மாறும் செலவு | பங்களிப்பு | விலையில் பங்களிப்பு |
|---|---|---|---|---|
| நாற்காலி | 2,000 | 1,400 | 600 | 30% |
| மேசை | 5,000 | 3,000 | 2,000 | 40% |
| அலமாரி | 9,000 | 7,200 | 1,800 | 20% |

மாறும் செலவில் விற்பனையாளர் கமிஷனும் சேர்ந்திருக்கிறது. அது விற்ற தொகையில் 3 சதவீதம். வாடகை, மாதச் சம்பளம், கடன் வட்டி, இயந்திரத் தேய்மானம் எல்லாம் சேர்ந்த நிலையான செலவு மாதம் 6,30,000.

பழைய தாள் சொன்ன கணக்கு

மேலாளரிடம் ஒரு கணக்குத் தாள் இருந்தது. முந்தைய ஆண்டு விற்பனையைப் பார்த்து, பத்து பொருள் விற்றால் அதில் 5 நாற்காலி, 3 மேசை, 2 அலமாரி என்று கலவையை எடுத்திருந்தார். அந்தக் கலவையில் ஒரு பொருளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் பங்களிப்பு:

(0.5 × 600) + (0.3 × 2,000) + (0.2 × 1,800) = 300 + 600 + 360 = 1,260

இதுதான் எடையிட்ட சராசரி பங்களிப்பு. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்திருந்தால் 1,467 வந்திருக்கும். அப்படிச் செய்யாமல் விற்கும் எண்ணிக்கையின் பங்கை எடையாக வைத்தது சரி. நிலையான செலவை இதால் வகுத்தால் 6,30,000 ÷ 1,260 = 500 பொருள்கள். அதைக் கலவைப்படி பிரித்தால் 250 நாற்காலி, 150 மேசை, 100 அலமாரி. விலையால் பெருக்கினால் 5,00,000 + 7,50,000 + 9,00,000, மொத்தம் 21,50,000.

ஆக, லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கத் தாளில் இரண்டு எண்கள்: மாதம் 500 பொருள், அல்லது 21.5 லட்சம் விற்பனை. இரண்டும் ஒரே புள்ளியின் இரு முகங்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் நாளடைவில் 500 மறந்துபோய் 21.5 லட்சம் மட்டும் எல்லோர் வாயிலும் நின்றது. 5:3:2 என்ற கலவையோ தாளின் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் கிடந்தது. விற்பனைக் கூட்டங்களில் அதை யாரும் சொன்னதே இல்லை.

கவனத்துக்கு வந்தது

நான் அங்கே போன மாதம் விற்பனை 25,80,000. இலக்கைவிட 20 சதவீதம் அதிகம். பழைய தாளின் கணக்குப்படி, 500 பொருளுக்குப் பதில் 600 விற்றதற்குச் சமம் அது. அப்படியானால் பங்களிப்பு 7,56,000, லாபம் 1,26,000 வந்திருக்க வேண்டும். கணக்குப் புத்தகமோ 18,000 நஷ்டம் என்றது.

"விற்பனை ஏறிக்கிட்டே போகுது, கையில ஒண்ணும் நிக்கல. எங்கேயோ பணம் ஒழுகுது சார்" என்றார் உரிமையாளர். திருட்டு நடக்கிறதோ என்ற சந்தேகம் அவருக்கு. மேலாளருக்கு இன்னும் சங்கடம். 21.5 லட்சத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு மாதமும், விற்பனை எத்தனை சதவீதம் குறைந்தாலும் நஷ்டம் வராது என்பதைப் "பாதுகாப்பு விளிம்பு" என்று அறிக்கையில் எழுதி வந்தவர் அவர்தான். இந்த மாதம் அது 16 சதவீதத்துக்கு மேல்.

முதலில் விலக்கிய சந்தேகங்கள்

லாபம் எதிர்பார்த்தபடி வராதபோது காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று: நிலையான செலவு கூடியிருக்கலாம், ஒரு பொருளுக்கான மாறும் செலவு கூடியிருக்கலாம், தள்ளுபடி கொடுத்து விலை இறங்கியிருக்கலாம், அல்லது கலவை மாறியிருக்கலாம். முதல் மூன்றும் பில்லிலும் பேரேட்டிலும் நேரடியாகத் தெரியும். அதனால் அவற்றை முதலில் பார்த்தோம்.

நிலையான செலவு 6,30,000க்கு ஓரிரு ஆயிரம் முன்பின்னாகத்தான் இருந்தது. இரும்புத் தகடு, மரப்பலகை, பெயின்ட் கொள்முதல் விலைகளும் அட்டவணை போட்ட காலத்து விலையை ஒட்டியே இருந்தன. பில்களில் சராசரி விலை எடுத்தபோது நாற்காலி 2,000க்கும் மேசை 5,000க்கும் அலமாரி 9,000க்கும்தான் போயிருக்கின்றன. திருட்டுச் சந்தேகத்துக்காகச் சரக்கு வெளியேறிய சீட்டுகளையும் பில்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் பொருந்தின.

மிஞ்சியது கலவை. விற்பனை அறிக்கையில் அது எங்கும் இல்லை, மொத்தத் தொகை மட்டுமே இருந்தது. பில்களிலிருந்து பொருள்வாரியாக எண்ண வேண்டியிருந்தது.

கலவை எங்கே போயிருந்தது

அந்த மாதம் விற்றது 120 நாற்காலி, 72 மேசை, 220 அலமாரி. மொத்தம் 412. அதாவது 21.5 லட்சத்தைத் தாண்டிய அதே மாதத்தில் 500 பொருளை எட்டவேயில்லை. தாளின் ஒரு எண் லாபம் என்றது, மற்றது நஷ்டம் என்றது. இரண்டும் ஒரே புள்ளியைக் குறிப்பதாக இருந்தால் இப்படி முரண்படக் கூடாது. முரண்பட்டாலே கலவை மாறிவிட்டது என்று பொருள். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. அந்த 500ஐ மறக்காமல் வைத்திருந்தால் பல மாதம் முன்பே மணி அடித்திருக்கும்.

பங்களிப்பைக் கூட்டினோம்: நாற்காலியில் 72,000, மேசையில் 1,44,000, அலமாரியில் 3,96,000. மொத்தம் 6,12,000. நிலையான செலவு 6,30,000 போக நஷ்டம் 18,000. புத்தகத்தில் இருந்த அதே எண். ஒழுகல் எதுவும் இல்லை.

எதிர்பார்த்த லாபம் 1,26,000, வந்தது 18,000 நஷ்டம், ஆக இடைவெளி 1,44,000. அது எங்கே போனது என்று உரிமையாளருக்குக் காட்ட ஒரு ஒப்பீடு போட்டேன். 25.8 லட்சம் பழைய கலவையில் வந்திருந்தால் 300 நாற்காலி, 180 மேசை, 120 அலமாரி போயிருக்கும். நடந்ததோடு ஒப்பிட்டால் நாற்காலியில் 180, மேசையில் 108 குறைவு, இவற்றின் விலை மதிப்பு 9,00,000. அலமாரியில் 100 அதிகம், அதன் விலை மதிப்பும் 9,00,000. அதனால்தான் விற்பனைத் தொகையில் எதுவும் தெரியவில்லை. ஆனால் போன 9 லட்சத்தில் பங்களிப்பு 3,24,000 இருந்தது, வந்த 9 லட்சத்தில் 1,80,000தான் இருக்கிறது. வித்தியாசம் 1,44,000.

இந்த இரண்டு வரிகளைப் பார்த்த பிறகுதான் திருட்டுப் பேச்சு நின்றது.

புதிய கலவையில் லாப நட்டமற்ற புள்ளி எங்கே இருந்தது என்பது இன்னும் கவனிக்க வேண்டியது. ஒரு பொருளுக்கான சராசரி பங்களிப்பு 6,12,000 ÷ 412 = 1,485. இது பழைய 1,260ஐவிட அதிகம். ஆகவே எண்ணிக்கையில் புள்ளி 500லிருந்து சுமார் 425க்கு இறங்கியிருக்கிறது. அதே சமயம் விற்பனைத் தொகையில் பங்களிப்பின் பங்கு 29.3 சதவீதத்திலிருந்து 23.7 சதவீதமாகச் சரிந்ததால், தொகையில் புள்ளி 21.5 லட்சத்திலிருந்து சுமார் 26.6 லட்சத்துக்கு ஏறியிருக்கிறது. அலமாரி ஒன்றுக்கு 1,800 தருகிறது, நாற்காலியைப் போல மூன்று மடங்கு. ஆனால் அந்த 1,800ஐப் பெற 9,000க்கு விற்க வேண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு நிலைமை மேம்பட்டதாகத் தோன்றும், தொகையைப் பார்ப்பவருக்கு மோசமானதாகத் தோன்றும். ஒன்று மட்டும் தெரிந்தவர் இரண்டில் எந்தப் பக்கமும் ஏமாறலாம்.

மேலாளர் போட்ட திருத்தம்

இதற்குள் மேலாளர் தாமாகவே ஒரு திருத்தக் கணக்கு போட்டுக்கொண்டு வந்தார். கலவை மாறியது தெரிந்ததும் புதிய எடைகளைத் தாளில் ஏற்றியிருந்தார். 412ல் நாற்காலி 29.1 சதவீதம், மேசை 17.5, அலமாரி 53.4. இவற்றை 30%, 40%, 20% என்ற பங்களிப்பு விகிதங்களால் பெருக்கிக் கூட்டினால் 26.4 சதவீதம். 6,30,000ஐ இதால் வகுத்தால் 23.86 லட்சம். "அப்பவும் 25.8 லட்சத்துக்கு லாபம்தானே வரணும்?" என்று கேட்டார். அவருடைய தாள் 51,000 லாபம் என்றது.

இந்தத் தவறை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், பார்வைக்குச் சரியாகவே இருக்கும் என்பதால் நின்று பேச வேண்டியது. எடையும் விகிதமும் ஒரே அடிப்படையில் இருக்க வேண்டும். ஒரு பொருளுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்டால் எண்ணிக்கையில் உள்ள பங்கை எடையாக வைக்கலாம். விற்ற தொகையில் எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது என்று கேட்டால் தொகையில் உள்ள பங்கைத்தான் வைக்க வேண்டும். அலமாரி எண்ணிக்கையில் 53 சதவீதம்தான், ஆனால் தொகையில் 76.7 சதவீதம். நாற்காலி எண்ணிக்கையில் 29, தொகையில் 9.3. மேசை 14. இந்த எடைகளை வைத்தால் (9.3% × 30%) + (14% × 40%) + (76.7% × 20%), ஏறத்தாழ 23.7 சதவீதம். புத்தகம் சொன்னதும் அதுவே.

விலை மிகவும் வேறுபடும் பொருள்களில்தான் இந்தத் தவறு பெரிதாகக் கடிக்கும். மூன்றுக்கும் ஒரே விலையாக இருந்திருந்தால் இரு எடைகளும் ஒன்றாகியிருக்கும், தவறு வெளியே தெரிந்தே இருக்காது. இன்னொரு விதத்திலும் இது ஆபத்தானது: இங்கே விலை கூடிய பொருளே விகிதம் குறைந்தது. அதனால் இந்தக் கலவைகளில் எண்ணிக்கை எடையில் கணக்குப் போட்டால் விகிதம் உண்மையைவிட உயர்வாகத்தான் வரும். பழைய 5:3:2 கலவைக்கே இப்படிப் போட்டால் 29.3க்குப் பதில் 31 சதவீதம் கிடைக்கும், இலக்கு 20.3 லட்சமாகச் சுருங்கும்.

சரிபார்க்க ஒரு வழியை மேலாளரிடம் சொன்னேன். எந்தச் சராசரி விகிதம் வந்தாலும் மொத்தப் பங்களிப்பை மொத்த விற்பனையால் வகுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் எடையில் தவறு. அன்றிலிருந்து அவர் தாளில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.

கலவை ஏன் மாறியது

அலமாரி விற்க எளிது. அளவு மூன்றுதான், வாடிக்கையாளர் தொலைபேசியிலேயே ஆர்டர் கொடுத்துவிடுவார். மேசையும் நாற்காலியும் அப்படியில்லை. அறையை அளக்க வேண்டும், எங்கே எது வரும் என்று வரைந்து காட்ட வேண்டும், இரண்டு மூன்று முறை போய்வர வேண்டும். கமிஷனோ தொகையில் 3 சதவீதம், அலமாரி ஒன்றுக்கு 270, மேசைக்கு 150, நாற்காலிக்கு 60. பட்டறைக்கு மேசை 2,000 தருகிறது, அலமாரி 1,800. விற்பவருக்கோ அலமாரி கிட்டத்தட்ட இரு மடங்கு தருகிறது. விற்பனையாளர்கள் தங்களுக்கு வைத்த இலக்கை ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் பில்களில் தெரிந்தது. நாற்காலியும் மேசையும் பெரும்பாலும் ஒரே பில்லில் போகின்றன, ஏறத்தாழ 5 நாற்காலிக்கு 3 மேசை. நல்ல மாதத்திலும் மோசமான மாதத்திலும் இந்த விகிதம் பெரிதாக நகரவில்லை. இந்த மாதம்கூட 120க்கு 72, அதே 5:3. அலமாரி மட்டும் தனியாக ஏறி இறங்குகிறது. முழுக் கலவையும் நிலையானது என்று எடுத்துக்கொண்டதுதான் பொருந்தவில்லை, அதன் ஒரு பகுதி உண்மையிலேயே நிலையானது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு கணக்கின் வடிவத்தைப் பற்றியது. 5 நாற்காலியும் 3 மேசையும் சேர்ந்ததை ஒரு 'செட்' என்று வைத்துக்கொண்டோம். அதன் விலை 25,000, பங்களிப்பு 9,000. அலமாரி தனி. இப்போது லாப நட்டமற்ற நிலை ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு கோடாகிறது:

9,000 × செட் + 1,800 × அலமாரி = 6,30,000

ஒரு செட் பங்களிப்பில் ஐந்து அலமாரிக்குச் சமம். விற்பனையாளர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. கோட்டின் சில இடங்கள் இவை:

| செட் | அலமாரி | தேவையான விற்பனைத் தொகை |
|---|---|---|
| 70 | 0 | 17,50,000 |
| 50 | 100 | 21,50,000 |
| 30 | 200 | 25,50,000 |
| 0 | 350 | 31,50,000 |

நால்வரிசையிலும் லாபம் பூஜ்யம்தான். பழைய தாளின் 21.5 லட்சம் இரண்டாவது வரிசை மட்டுமே. நஷ்டம் வந்த மாதம் 24 செட், 220 அலமாரி. 220 அலமாரிக்கு 26 செட் தேவை. இரண்டு செட் குறைவு, அதாவது 18,000. உரிமையாளர் இந்த அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப 'எவ்வளவு வித்தா லாபம்'னு கேக்கறதே தப்பு" என்றார். கேள்வி தப்பில்லை, எதை விற்றால் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, அலமாரியை நிறுத்திவிடலாமா என்பது. 20 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்ததும் உரிமையாளருக்கு முதலில் தோன்றியது இதுதான். வேண்டாம் என்று முடிவானது. 220 அலமாரி தந்த 3,96,000 போய்விடும், நிலையான செலவில் எதுவும் குறையாது, 18,000 நஷ்டம் 4,14,000 ஆகும். செட் 24லிருந்து 70க்கு ஏறினால்தான் நிலையான செலவு ஈடாகும். பட்டறையில் அப்போது வேலை நேரம் மிஞ்சியே இருந்தது, அலமாரி செய்ததால் எந்த மேசை ஆர்டரும் தள்ளிப்போகவில்லை. அந்த நிலையில் ஒவ்வொரு அலமாரியும் 1,800 கூடுதல்தான். பெயின்ட் அடிக்கும் அறை முழுக்க நிரம்பியிருந்தால் பதில் வேறு மாதிரி போயிருக்கும், அப்போது அந்த அறையின் ஒரு மணி நேரத்துக்கு எந்தப் பொருள் அதிகம் தருகிறது என்று பார்த்திருப்போம்.

மேலாளர் இன்னொரு யோசனையும் வைத்தார். நிலையான செலவை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 2,10,000 என்று வைத்து, தனித்தனிப் புள்ளி சொல்லிவிடலாம் என்றார். நாற்காலிக்கு 350, மேசைக்கு 105, அலமாரிக்கு 117 என்று வரும். அந்த மூன்றும் ஒரே சமயத்தில் நடந்தால் செலவு ஈடாகும் என்பது உண்மைதான். ஆனால் வாடகையைச் சமமாகப் பிரிக்க எந்தக் காரணமும் இல்லை, வேறு மாதிரி பிரித்தால் வேறு மூன்று எண்கள் வரும். அதோடு 105 மேசைக்கு 350 நாற்காலி இங்கே விற்றதே கிடையாது. இதை விட்டுவிட்டோம்.

மூன்றாவது கமிஷன். தொகையில் 3 சதவீதத்துக்குப் பதில், கமிஷனுக்கு முந்தைய பங்களிப்பில் 10 சதவீதம் என்று மாற்றினார்கள். நாற்காலிக்கு 66, மேசைக்கு 215, அலமாரிக்கு 207. பங்களிப்பு முறையே 594, 1,935, 1,863 ஆனது. செட்டுக்கு 8,775. பழைய 5:3:2 கலவையில் இது பட்டறைக்குச் சிறிது பாதகம், சராசரி பங்களிப்பு 1,260லிருந்து 1,250 ஆகிறது, 500க்குப் பதில் 504 விற்க வேண்டும். இதை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொன்னேன். நான்கு பொருள் கூடுதல் என்பது, கலவையைத் திருப்பிக் கொண்டுவரக் கொடுக்கும் விலை.

பின்னர் நடந்தவை

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. சேமிப்புக் கிடங்குகளுக்கு அலமாரி மட்டுமே விற்று வந்த ஒரு மூத்த விற்பனையாளர், "நான் கொண்டு வர்ற ஆளுங்களுக்கு மேசை எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாதம் 80 அலமாரி விற்பவருக்கு அலமாரிக்கு 63 வீதம் 5,000 குறைகிறது. மூன்று மாதத்துக்கு அந்த வித்தியாசத்தைப் பட்டறையே தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அவருக்கு ஒப்புக்கொண்ட மாதத் தொகை என்பதால் அதை நிலையான செலவில் சேர்த்து 6,35,000 என்று கோட்டை நகர்த்தினோம்.

மாற்றத்துக்குப் பிந்தைய முதல் முழு மாதத்தில் 38 செட், 165 அலமாரி. பங்களிப்பு 3,33,450 + 3,07,395 = 6,40,845. லாபம் 5,845. விற்பனை 24,35,000, அதாவது நஷ்டம் வந்த மாதத்தைவிட 1,45,000 குறைவு. விற்பனை இறங்கி லாபம் வந்த அந்த அறிக்கையை உரிமையாளர் இரண்டு முறை கூட்டிப் பார்த்ததாக மேலாளர் சொன்னார். அடுத்த மாதம் 44 செட், 150 அலமாரி, விற்பனை 24,50,000, லாபம் 30,550.

இதற்கெல்லாம் கமிஷன் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கவனிக்காமல் விட்டிருந்த மேசை விசாரிப்புகள் சில கையில் இருந்தன, அவற்றைத் துரத்தியதில் கிடைத்ததும் இதில் சேர்ந்திருக்கிறது.

நான்காம் மாதம் வேறொன்று தெரிந்தது. 120 மேசைக்கு 260 நாற்காலி போயிருந்தது. 40 செட்டுக்கு 200 நாற்காலிதான் வர வேண்டும், 60 நாற்காலி தனியாகப் போயிருக்கிறது. பழைய நாற்காலிகளை மட்டும் மாற்றிய ஒரு பெரிய ஆர்டர் அது. மேசை எண்ணிக்கையை 3ஆல் வகுத்து செட் எண்ணி, மிஞ்சிய நாற்காலிகளைத் தலைக்கு 594 வீதம் தனியாகச் சேர்த்தார்கள். அந்த 60 நாற்காலி ஏறத்தாழ 19 அலமாரிக்குச் சமம். இப்படிப்பட்ட ஆர்டர்கள் வழக்கமானால் செட் என்ற கருத்தும் பழைய 5:3:2 போலவே காலாவதியாகும், மூன்று பொருளையும் தனித்தனியே வைக்க வேண்டிவரும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

லாப நட்டமற்ற புள்ளியை இனி எந்த அறிக்கையிலும் தனி எண்ணாக எழுதுவதில்லை என்று பட்டறையில் முடிவு செய்திருக்கிறார்கள். கலவையை எழுதாமல் எண் எழுதக் கூடாது. எண்ணிக்கை, தொகை என்ற இரண்டு இலக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறார்கள். ஒன்று தாண்டி மற்றது தாண்டாத மாதம் வந்தால், வேறு எதையும் பார்க்கும் முன் பொருள்வாரி எண்ணிக்கையை எடுக்க வேண்டும்.

மொத்த விற்பனையில் அலமாரியின் தொகைப் பங்கையும் மாதாமாதம் குறிக்கிறார்கள். பழைய கலவையில் அது 42 சதவீதம், நஷ்ட மாதத்தில் 77. இது 55ஐத் தாண்டினால் தாளை மறுபடி கணக்கிடுவது என்று வைத்திருக்கிறார்கள். அந்த 55 அவர்கள் ஊகித்து வைத்த எல்லைதான். என்னைக் கேட்டால் 50லேயே வைத்திருப்பேன், ஏனெனில் அந்தப் பங்கு 42லிருந்து 50க்கு வரும்போதே தேவையான விற்பனை சுமார் ஒரு லட்சம் கூடிவிடுகிறது.

கமிஷன் திட்டத்தைப் பொருள் விலையோ மாறும் செலவோ மாறும் ஒவ்வொரு முறையும் திருப்பிப் பார்க்க வேண்டும். தகடு விலை ஏறி அலமாரியின் பங்களிப்பு குறைந்தால் அதன் கமிஷனும் தானாகவே குறையும், ஆனால் அட்டவணையில் பழைய மாறும் செலவே கிடந்தால் விற்பனையாளருக்குப் பழைய 207தான் போய்க்கொண்டிருக்கும். இப்போது மேலாளர் கொள்முதல் விலை மாறும்போது அட்டவணையைப் புதுப்பிக்கிறார். மூத்த விற்பனையாளருக்கான மூன்று மாத ஈட்டுத்தொகை முடிந்தது. அவர் அலமாரி விற்பனையிலேயே இருக்கிறார், அவருடைய வாடிக்கையாளர்களில் இருவர் அலுவலக அறைக்கு செட் கேட்டிருக்கிறார்கள். நிலையான செலவு மறுபடி 6,30,000க்கு வந்திருக்கிறது.